கல்யாண ஆர்டருக்குத் தவணைப் பணம் கேட்கும் மெசேஜ்: எந்த டிரையலுக்கு எவ்வளவு, எப்படி எழுதுவது

சில வருடங்களுக்கு முன்பு வரை, பெரிய ஆர்டர் வந்தால் என் பொட்டிக்கிலிருந்து போன வாட்ஸ்அப் மெசேஜ் இதுதான்:

"வணக்கம் மேடம், உங்க ஆர்டர் டோட்டல் 82,000 ஆகுது. 50% அட்வான்ஸ் போட்டாதான் வேலை ஸ்டார்ட் பண்ண முடியும். மீதி டிரையல் அப்போ கொஞ்சம், டெலிவரி அப்போ கொஞ்சம் குடுங்க. அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது. மெட்டீரியல் ரேட் எல்லாம் ஏறிப்போச்சு, லேபருக்கு வாரா வாரம் சம்பளம் குடுக்கணும், புரிஞ்சுக்கோங்க. ஜிபே நம்பர் இதுதான். தேங்க்ஸ்."

இதில் எழுத்துப் பிழை இல்லை, மரியாதைக் குறைவான சொல் என்றும் ஒன்றைச் சுட்ட முடியாது. ஆனால் இதை நம்பி ஒரு கல்யாண ஆர்டர் எடுத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முன்பணம் வந்தது. முதல் டிரையலுக்கு வந்தார்கள், போட்டுப் பார்த்தார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள். பணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவர்களாகக் கொடுப்பார்கள் என்று நான் இருந்தேன், நான் கேட்பேன் என்று அவர்கள் இருந்தார்கள். இரண்டாவது டிரையலும் அப்படியே போனது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு துணிகளை எடுக்க வந்த பெண்ணின் அப்பா, "மண்டபம், சமையல் எல்லாம் செட்டில் பண்ணிட்டேன்மா, கையில ஒண்ணும் இல்ல. கல்யாணம் முடியட்டும்" என்றார். அந்த நேரத்தில் முகூர்த்த பிளவுஸைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பாக்கி நான்கு மாதம் கழித்து மூன்று துண்டாக வந்தது. அதற்குள் ஆரி போட்டவர்களுக்குக் கூலி கொடுக்க என் வளையல் அடகுக்குப் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் அவர் மேல் பெரிய தப்பில்லை. "டிரையல் அப்போ கொஞ்சம்" என்றால் எவ்வளவு எடுத்து வைப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த "கொஞ்சம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தொகையும் ஒரு தேதியும் ஒரு காரணமும் வைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். அதே 82,000 ரூபாய் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் நோட்டை எடுங்கள்

மெசேஜைத் திருத்துவது ஃபோனில் ஆரம்பிப்பதில்லை, ஆர்டர் நோட்டில் ஆரம்பிக்கிறது. நம் உதாரணம் செப்டம்பர் 10 கல்யாணம். ஆர்டர் இப்படி:

முகூர்த்தப் பட்டுக்கு ஆரி பிளவுஸ் 1 – 14,000
ரிசப்ஷன் லெஹங்கா, துணியோடு – 32,000
நிச்சயதார்த்தம், நலங்குக்கு ஆரி பிளவுஸ் 2 – 13,000
அம்மா, அத்தை, சித்தி, அக்கா வகையில் லைனிங் பிளவுஸ் 6 – 12,000
குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை 3 – 7,500
5 சேலைக்கு ஃபால்ஸ், பீக்கோ, குஞ்சம் – 3,500

மொத்தம் 82,000. இது ஒரு கடையின் ஒரு ஆர்டருக்கான விலை, உங்கள் ஊரில் உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: எந்த வேலை முடிந்த பிறகு இதைத் திருப்ப முடியாது? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினாலே தவணைகள் தானாக விழுந்துவிடும்.

ஆரி பிளவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கழுத்தும் கையும் முதுகும் அளவுப்படி துணியில் குறிக்கப்படும். டிசைனை டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, அந்தத் தாளைப் பட்டின் மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த சாக்குப் பொடியைத் துணியால் தேய்ப்பார்கள். ஓட்டை வழியாகப் பொடி இறங்கி, பட்டில் புள்ளிப் புள்ளியாக டிசைன் விழும். அப்புறம் துணி ஸ்டாண்டில் இழுத்துக் கட்டப்பட்டு ஆரி ஊசி இறங்கும். வெட்டுவதும் தைப்பதும் அதற்குப் பிறகுதான். ஆக, மார்பளவு ஒரு அங்குலம் மாறினால் உள்ளே விட்ட பிடித்தத்தில் சமாளிக்கலாம். கழுத்து இறக்கத்தை மாற்றச் சொன்னால், போட்ட மணியையும் ஜரிகையையும் பிரித்தாக வேண்டும், பட்டில் ஓட்டை தெரியும். டிசைன் துணியில் பதிகிற நாள்தான் திரும்ப முடியாத நாள். அதற்கு முந்தைய டிரையலில் ஒரு தொகை வந்திருக்க வேண்டும்.

லெஹங்காவுக்குத் திரும்ப முடியாத நாள் இன்னும் முன்னால் வருகிறது. துணி, நெட் துப்பட்டா, கேன்கேன் எல்லாவற்றையும் நாம் நம் காசில் வாங்குகிறோம். வாங்கிய அன்றைக்கே பணம் போய்விட்டது. உறவுக்காரர்களின் லைனிங் பிளவுஸ் இதற்கு நேர்மாறு. துணி அவர்களுடையது, வேலை எளிது, வெட்டினால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அதற்குத் தனித் தவணை வேண்டாம்.

இந்த ஆர்டரில் மூன்று இடங்கள் தேறுகின்றன: துணியும் மணியும் வாங்குவது, பட்டில் டிசைன் பதிப்பது, ஆரி முடிந்த பிளவுஸுக்குக் கடைசித் தையல் போடுவது. அந்த மூன்றுக்கும் முன்னால் ஒவ்வொரு தொகை, எடுத்துப்போகும் அன்று மீதி. மொத்தம் நான்கு.

தொகையைப் பிரிப்பது

பாதி, கால், கால் என்று பிரிப்பது சுலபம், ஆனால் அது நம் செலவோடு ஒட்டாது. நான் செய்வது, அடுத்த டிரையல் வரை என் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று பார்ப்பது.

அளவு எடுத்ததும் லெஹங்கா துணிக்கும் அதைச் சேர்ந்தவற்றுக்கும் 11,000, ஆரிக்கான மணி, ஜரிகை, கல், நூலுக்கு 5,000, எல்லா லைனிங்குக்கும் 2,500, ஆக 18,500 போகும். அதனால் முதல் தொகை 25,000. முதல் டிரையல் முடிந்து ஸ்டாண்டில் துணி ஏறியதும் ஆரிக்கூலி வாராவாரம் போகும். நான்கு வாரத்துக்கு 16,000 பிடிக்கும், லெஹங்கா தைக்கும் மாஸ்டருக்கு 4,000. அந்த டிரையலில் 20,000. இதுவரை வாங்கியது 45,000, செலவு 38,500. இரண்டாவது டிரையலுக்குப் பிறகு தையல் கூலி, குஞ்சம், பீக்கோ என்று 11,000 போல ஆகும். ஆனால் இங்கே நான் 25,000 கேட்கிறேன். ஏன் கூடுதல்? வாடகை, கரண்ட், என் உழைப்பு எல்லாம் இதில்தான் வர வேண்டும். அதோடு, அன்றைக்குத்தான் வாடிக்கையாளர் ஆரி முடிந்த மூன்று பிளவுஸையும் உருவம் வந்த லெஹங்காவையும் கண்ணால் பார்க்கிறார். 59,000 ரூபாய்ப் பொருள் எதிரே தொங்கும்போது 25,000 கேட்பது யாருக்கும் உறுத்தாது. வெறும் காடாத் துணியைக் காட்டிவிட்டு அதே தொகையைக் கேட்டால் உறுத்தும்.

மீதி 12,000, எடுத்துப்போகும்போது.

கடைசித் தொகை இவ்வளவு சின்னதாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. கல்யாணத்துக்கு முந்தைய பத்து நாளில் எந்த வீட்டிலும் பணம் நிற்காது. மண்டப பாக்கி, சமையல்காரர், பூ, வண்டி என்று எல்லோரும் அதே வாரத்தில் கை நீட்டுவார்கள். அந்த வரிசையில் நாம் 40,000 பாக்கியோடு நிற்கக் கூடாது. அதே சமயம் கடைசியில் ஒன்றுமே மீதி இல்லாமல் எல்லாவற்றையும் முன்னாலேயே வாங்குவதும் சரியில்லை. கொக்கி தளர்ந்திருந்தால், கை இறுக்கமாக இருந்தால் சரிசெய்து தருவோம் என்பதற்கு அவர் கையில் ஒரு பிடி இருக்க வேண்டும். மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு எனக்குச் சரியாக வருகிறது.

தொகை முழு ஆயிரத்தில் இருக்கட்டும். மெசேஜில் 30%, 25% என்று எழுதவே வேண்டாம். படிப்பவர் கால்குலேட்டர் எடுக்க வேண்டியிருந்தால் அந்த மெசேஜ் அப்படியே கிடப்பில் போய்விடும்.

தேதி குறிப்பது

கல்யாண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். செப்டம்பர் 10 கல்யாணம் என்றால் ஆகஸ்ட் 30 ஞாயிறு கடைசி டிரையலும் டெலிவரியும். பதினோரு நாள் கையில் இருந்தால் எந்தத் திருத்தமும் பதற்றமில்லாமல் நடக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஆகஸ்ட் 16 ஞாயிறு, இரண்டாவது டிரையல். ஆரிக்கு நான்கு வாரம் விட்டால் ஜூலை 19 ஞாயிறு முதல் டிரையல். அளவும் முன்பணமும் ஜூலை 5 ஞாயிறு.

இதில் ஊர் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆடி பிறந்தபின் கல்யாண காரியம் எதையும் புதிதாக ஆரம்பிக்க மாட்டோம் என்கிற வீடுகள் நிறைய. ஜூலை 5 ஆனியிலேயே வந்துவிடுகிறது. அன்று முகூர்த்தச் சேலையைக் கையில் கொடுத்து ஆரம்பித்துவிட்டால், ஆடியில் வேலை தொடர்வதை யாரும் தடுக்க மாட்டார்கள். அதே போல வெள்ளிக்கிழமையில் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று பார்ப்பவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமை டிரையல் வைத்துவிட்டு "இன்று 20,000" என்று எழுதினால், பணம் இருந்தும் வராது. சிலர் செவ்வாயும் பார்ப்பார்கள். ஞாயிறு வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை, பெண்ணுக்கும் லீவு.

தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். "அடுத்த மாத நடுவில்" என்பது தேதி இல்லை.

யாருக்கு எழுதுகிறோம்

பொட்டிக்குக்கு வருவது பெண்ணும் அம்மாவும். டிசைன் பேசுவது பெண். பணம் அனுப்புவது அநேகமாக அப்பா, சில வீட்டில் அண்ணன், சில வீட்டில் வெளிநாட்டிலிருக்கும் மாமா. நாம் பெண்ணோடு பேசிப் பேசி அவளுக்கே பண மெசேஜையும் அனுப்பினால், அது அவள் ஃபோனிலேயே நின்றுவிடும். வீட்டில் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

அதனால் ஆர்டர் பேசும் அன்றே கேட்டுவிடுங்கள்: "பணம் விஷயம் யாருக்கு அனுப்பட்டும் அக்கா?" அவர்கள் சொல்லும் நம்பருக்கு அனுப்பி, அம்மாவுக்கும் ஒன்று போகட்டும். மெசேஜ் அடுத்தவருக்கு ஃபார்வர்டு ஆகும் என்று நினைத்தே எழுத வேண்டும். கடைக்கு வராத ஒருவர் படித்தாலும் யார் வீட்டு ஆர்டர், என்ன வேலை, எவ்வளவு என்று அதிலேயே தெரிய வேண்டும். "நேத்து பேசினோமே அந்த டிசைன்" என்பது அப்பாவுக்குப் புரியாது.

திருத்திய மெசேஜ்

இனி எழுதலாம். வாட்ஸ்அப்பில் நீளமான மெசேஜ் பாதியில் மடங்கி, மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டியிருக்கும். பலர் தட்ட மாட்டார்கள். அதனால் மொத்தமும் முதல் தொகையும் முதல் நான்கு வரிக்குள் வந்துவிட வேண்டும். தொகையின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் அது தடித்த எழுத்தில் தெரியும். நான் இப்போது அனுப்புவது இப்படி:

```
வணக்கம் அக்கா. பாப்பா கல்யாண (செப். 10)
ஆர்டருக்கு மொத்தம் *ரூ. 82,000*.
நான்கு தடவையாகக் கொடுக்கலாம்.
முதல் தடவை *ரூ. 25,000*, ஜூலை 5.

1. ஜூலை 5 ஞாயிறு, அளவு எடுப்பது: *25,000*
லெஹங்கா துணி, ஆரி மணி, ஜரிகை, லைனிங்
வாங்குவதற்கு.

2. ஜூலை 19 ஞாயிறு, முதல் டிரையல்: *20,000*
காடாத் துணியில் தைத்துக் காட்டுவோம்.
பாப்பா மட்டும் வந்தால் போதும்.
அளவு சரியானதும் பட்டில் ஆரி ஆரம்பிக்கும்.

3. ஆகஸ்ட் 16 ஞாயிறு, இரண்டாவது டிரையல்: *25,000*
ஆரி முடிந்த 3 பிளவுஸ், லெஹங்கா
போட்டுப் பார்க்கலாம். அம்மா, அத்தை
எல்லோரும் அன்று வந்தால் அவர்கள்
பிளவுஸையும் பார்த்துவிடலாம்.

4. ஆகஸ்ட் 30 ஞாயிறு, டெலிவரி: *12,000*
எல்லாம் போட்டுப் பார்த்து, திருத்தம்
இருந்தால் சொல்லிவிட்டுக் கொடுத்தால் போதும்.

முதல் டிரையல் வரை டிசைன் மாற்றலாம்,
கூடுதல் பணம் ஆகாது. அதற்கு அப்புறம் மாற்றினால்
எவ்வளவு கூடும் என்று சொல்லிவிட்டுத்தான்
செய்வோம்.

ஜிபே செய்யும்போது என் கணவர் பெயர் வரும்.
தேதி ஏதாவது ஒத்துவராவிட்டால் இப்போதே
சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.
```

பழைய மெசேஜோடு வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெரியும். "போட்டாதான் வேலை ஸ்டார்ட்" என்ற மிரட்டல் போய்விட்டது, ஆனால் பணம் வராமல் வேலை நகராது என்பது ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது: துணி வாங்குவதற்கு 25,000, அளவு சரியானதும் ஆரி. "மெட்டீரியல் ரேட் ஏறிப்போச்சு, லேபர் சம்பளம்" என்ற புலம்பலும் இல்லை. என் கூலிக் கணக்கு என் நோட்டில் இருந்தால் போதும். படிப்பவருக்குத் தெரிய வேண்டியது, அவர் கொடுக்கும் பணத்துக்கு அன்று எதைப் போட்டுப் பார்ப்பார் என்பது.

ஜிபே வரி சின்னது, ஆனால் அது இல்லாமல் நான் பல முறை சிரமப்பட்டிருக்கிறேன். கடை பெயர் ஒன்று, ஃபோன் நம்பருக்கு வங்கியில் இருக்கும் பெயர் வேறு. 25,000 அனுப்பப் போகிறவர் திரையில் தெரியாத ஆண் பெயரைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார், நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். முன்னாலேயே சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் வராது. ஜிஎஸ்டி பில் போடும் கடை என்றால், 82,000 வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் மொத்தத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கடைசித் தவணையில் வரியைக் கொண்டுவந்து சேர்த்தால் சண்டைதான்.

பொருள்வாரி விலைப் பட்டியலை இந்த மெசேஜில் சேர்க்காதீர்கள். அது பில் புத்தகத்தில் எழுதி ஃபோட்டோவாகத் தனியே போகட்டும். இரண்டையும் கலந்தால் பேச்சு "பீக்கோவுக்கு ஏன் இவ்வளவு" என்று திரும்பி, தவணைத் தேதிகள் காணாமல் போகும்.

"அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது" என்பதை என்ன செய்வது

இந்த வரியைத் தூக்க எனக்கு மனம் வர ரொம்ப நாள் ஆனது. துணி வாங்கியபின் ஆர்டர் நின்றுபோனால் நஷ்டம் நமக்கு. ஆனால் கல்யாண ஆர்டரின் முதல் மெசேஜில் அந்த வரி அபசகுனம் மாதிரி இருக்கிறது. அதிலும் அது உண்மையும் இல்லை. ஜூலை 5 பணம் கொடுத்து 7-ஆம் தேதி நிறுத்தினால், நான் ஒன்றும் வாங்கியிருக்க மாட்டேன், பணத்தை வைத்துக்கொள்வது நியாயமும் இல்லை.

இப்போது இதை மெசேஜில் எழுதுவதில்லை. பில் புத்தகத்தின் அடியில் ஒரு வரியாக இருக்கிறது, அளவு எடுக்கும்போது வாயாலும் சொல்லிவிடுகிறேன்: "ஏதாவது காரணத்தால் நிறுத்த வேண்டி வந்தால், அதுவரை வாங்கிய துணி உங்களுக்கே. அதற்கும் செய்த வேலைக்கும் ஆனது போக மீதியைத் திருப்பித் தருவோம்." இப்படிச் சொல்ல வேண்டுமானால் வாங்கிய துணிக்கு பில் வைத்திருக்க வேண்டும். நான் ஆர்டர் கவரிலேயே போட்டு வைத்துவிடுவேன்.

டிரையலுக்கு முன்னால் ஒரு சின்ன மெசேஜ்

முதலில் அனுப்பிய மெசேஜை ஆகஸ்ட் 16 வரை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு டிரையலுக்கும் மூன்று நாள் முன்பு ஒன்று அனுப்புங்கள். பழைய மெசேஜையே திரும்ப அனுப்பினால் அதட்டுவது போல இருக்கும். இதைப் போல இருந்தால் போதும்:

"அக்கா, ஞாயிறு 16 காலை 11 மணிக்கு டிரையல். மூன்று பிளவுஸிலும் ஆரி முடிந்துவிட்டது, ஃபோட்டோ அனுப்பியிருக்கிறேன். அன்றைய தொகை ரூ. 25,000. பாப்பா முகூர்த்தத்துக்குப் போடும் இன்னரையே போட்டுக்கொண்டு வரட்டும், அப்போதுதான் ஃபிட்டிங் சரியாகத் தெரியும்."

ஃபோட்டோ முதலில், தொகை நடுவில், டிரையலுக்கான குறிப்பு கடைசியில். கடைசி வரிக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் அவர்கள் பதில் போடுவார்கள், அந்தப் பதிலில் பணத்துக்கும் ஒரு "சரி" வந்துவிடும். வெறும் தொகையை மட்டும் அனுப்பினால் நீல டிக் வரும், பதில் வராது.

பணம் வந்ததும் உடனே ஒரு வரி: "ரூ. 25,000 கிடைத்தது அக்கா. இதுவரை 70,000. மீதி 12,000, ஆகஸ்ட் 30." இதைத் தவறாமல் செய்தால் கடைசியில் "நான் பத்தாயிரம் கையில் கொடுத்தேனே" என்ற பேச்சுக்கே இடமில்லை. ரொக்கமாகக் கொடுத்தாலும் இந்த வரி வாட்ஸ்அப்பில் போக வேண்டும். ரொக்கத்துக்குத்தான் இது ரொம்ப அவசியம்.

மெசேஜ் சரியாக இருந்தும் பணம் வராவிட்டால்

வரும், ஆனால் சில சமயம் அன்றே வராது. டிரையலை நிறுத்தாதீர்கள். பெண் நேரம் ஒதுக்கி வந்திருப்பாள், அவளைத் திருப்பி அனுப்பினால் உறவு முறிந்துவிடும். போட்டுப் பார்க்கட்டும், குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலையை மட்டும் நிறுத்தி வையுங்கள், அதை மறைக்காமல் சொல்லுங்கள்:

"இன்று டிரையல் நல்லபடியாக முடிந்தது அக்கா. கழுத்து அரை அங்குலம் ஏற்றச் சொன்னதைக் குறித்துவிட்டேன். ரூ. 20,000 வந்ததும் துணியை ஸ்டாண்டில் ஏற்றிவிடுவோம். புதன்கிழமைக்குள் ஏறினால் ஆகஸ்ட் 16 டிரையல் தேதி மாறாது."

இதில் கோபம் இல்லை. தாமதித்தால் என்ன தள்ளிப்போகும் என்பது மட்டும் இருக்கிறது, அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். நான் நிஜமாகவே புதன் வரை அந்த ஸ்டாண்டை வேறு துணிக்குக் கொடுக்காமல் வைத்திருப்பேன், வியாழன் கொடுத்துவிடுவேன். ஒரு முறை சும்மா மிரட்டி, பணம் வராமலேயே வேலையையும் ஆரம்பித்துவிட்டால், அடுத்த தவணையின் தேதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் மெசேஜில் எழுதவே கூடாது: பணம் வராவிட்டால் சேலை தர மாட்டோம் என்பது. முகூர்த்தப் பட்டு நம் அலமாரியில் இருக்கிறது, ஆனால் அது அவர்களுடையது. அந்த வரி எழுத்தில் போன நிமிடத்திலிருந்து நாம்தான் தப்பு செய்தவர்கள் ஆகிவிடுவோம், சொந்தபந்தம் முழுக்க ஸ்க்ரீன்ஷாட் சுற்றும்.

அவர்களே "நாலு தடவை முடியாதும்மா, ரெண்டா வாங்கிக்கோங்க" என்றால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் பெரிய பகுதி டிசைன் பட்டில் பதிவதற்கு முன்னால் விழட்டும்: ஜூலை 19-க்குள் 60,000, டெலிவரியில் 22,000. சீட்டு எடுத்துத் தருகிறேன் என்றால் சீட்டு எப்போது விழும் என்று கேட்டு, அந்தத் தேதிக்கு மூன்றாவது தவணையை நகர்த்துங்கள். இரண்டாவதை நகர்த்தாதீர்கள்.

இந்த முறை பொருந்தாத இடங்கள்

பத்தாயிரத்துக்குக் கீழே இருக்கும் ஆர்டருக்கு நான்கு தவணை எழுதினால் சிரிப்பார்கள். முன்பணம், மீதி, அவ்வளவுதான்.

பெண் வெளிநாட்டில் இருந்து கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்புதான் வருகிறாள் என்றால், முதல் டிரையலே நடக்காது. அளவு பிளவுஸை வைத்துத்தான் ஆரி ஆரம்பிக்க வேண்டும். அப்போது இரண்டாவது தொகையை டிரையலோடு கட்டாமல் வேறு ஒன்றோடு கட்ட வேண்டும். நான் செய்வது, காடாத் துணியில் தைத்து அவள் அக்காவுக்கோ அதே உடல்வாகுள்ள வேறு யாருக்காவதோ போட்டு, வீடியோ காலில் காட்டி, "கழுத்து இறக்கம் 9, கை நீளம் 10, இந்த அளவில் ஆரம்பிக்கலாம்" என்று அவள் எழுதி அனுப்பும் மெசேஜை வாங்கிக்கொள்வது. அந்த மெசேஜ் வந்த அன்று 20,000. உள்பிடித்தம் வழக்கத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக விடுவேன், ஒரு நாள் திருத்தத்துக்கென்று மாஸ்டரைக் கல்யாண வாரத்தில் பிடித்து வைப்பேன். அந்த ஒரு நாள் கூலியும் மொத்தத்தில் சேரும், அதை முதல் மெசேஜிலேயே தனி வரியாக எழுதிவிடுவேன்: "பாப்பா வந்ததும் ஒரு நாளில் திருத்தித் தர மாஸ்டர் கூலி ரூ. 1,500, மொத்தத்தில் சேர்த்திருக்கிறேன்." இதுவரை அந்த வரியை யாரும் பேரம் பேசியதில்லை.